வட்டி ஏறும் என்றால் ஃபிக்ஸட் கடனா? எவ்வளவு ஏறும், எப்போது ஏறும் என்று கேளுங்கள்

"திருச்சியில் வீடு வாங்க 40 லட்சம் ரூபாய் கடன் தேவை, 20 வருடத்துக்கு. ஒரு தனியார் வங்கி ரெப்போவோடு இணைந்த ஃபுளோட்டிங் வட்டியில் 8 சதவீதத்துக்குத் தருகிறது. ஒரு ஹவுசிங் ஃபைனான்ஸ் நிறுவனத்தின் ஏஜென்ட், 'ஃபிக்ஸட் 9.5 சதவீதம், கடைசி வரை மாறாது' என்கிறார். என் அண்ணன் 2021 தொடக்கத்தில் 6.9 சதவீதத்துக்கு 30 லட்சம் வாங்கினார். இரண்டே வருடத்தில் அது 9.4 ஆனது, இன்னும் புலம்புகிறார். வட்டி இறங்கி முடிந்துவிட்டது, இனி ஏறத்தான் செய்யும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அப்படியானால் ஃபிக்ஸட்தானே சரி? எனக்குக் கையில் வரும் சம்பளம் 72 ஆயிரம், மனைவிக்கு 26 ஆயிரம். இரண்டாவது குழந்தை வரப்போவதால் அவர் இரண்டு வருடம் வேலைக்குப் போக மாட்டார்."
— வாசகர், திருச்சி

ஃபுளோட்டிங்கையே எடுங்கள். வட்டி இனி ஏறும் என்று உங்களிடம் சொன்னவர்கள் சரியாகவே சொல்லியிருக்கலாம். ஏறினாலும் உங்கள் விஷயத்தில் ஃபுளோட்டிங்தான் என் பரிந்துரை. ஏனென்றால் வட்டி ஏறுமா என்ற கேள்விக்கு விடை கிடைத்தால்கூட, எந்தக் கடன் நல்லது என்பதற்கு விடை கிடைத்துவிடாது. இரண்டு வட்டிக்கும் நடுவே ஒன்றரை சதவீத இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளியைத் தாண்டி ஏறுமா, எவ்வளவு சீக்கிரம் தாண்டும், தாண்டியபின் எத்தனை வருடம் அங்கேயே நிற்கும் என்பவைதான் பார்க்க வேண்டியவை.

முதலில் அந்த ஒன்றரை சதவீதத்தை ரூபாயில் பாருங்கள். 40 லட்சத்துக்கு 20 வருடம் என்றால், 8 சதவீதத்தில் மாதத் தவணை 33,458 ரூபாய். 9.5 சதவீதத்தில் 37,285 ரூபாய். மாதம் 3,827 ரூபாய் வித்தியாசம். ஃபிக்ஸட் எடுத்தால் இந்த 3,827 ரூபாயை முதல் மாதத்திலிருந்தே கட்டுகிறீர்கள். வட்டி ஏறலாம் என்ற பயத்துக்காக, ஏறிய வட்டியை இன்றைக்கே கட்டத் தொடங்குவதுதான் இது. கடன் கொடுக்கிறவர்களும் செய்தி படிக்கிறவர்கள்தான். வட்டி ஏறும் என்று ஊரே பேசும்போது ஃபிக்ஸட் கடனை அதற்கு ஏற்ற விலையில்தான் வைப்பார்கள். உங்களுக்குத் தெரிந்த அதே கணிப்பு அந்த 9.5-க்குள் ஏற்கெனவே அடங்கியிருக்கிறது. அவர்கள் எதிர்பார்ப்பதைவிட அதிகமாக ஏறினால்தான் உங்களுக்கு லாபம்.

எவ்வளவு ஏறினால் ஃபிக்ஸட் ஜெயிக்கும் என்று போட்டுப் பார்க்கலாம். கணக்கு நியாயமாக இருக்க, இரண்டு கடனிலும் நீங்கள் ஒரே தொகையை, அதாவது 37,285 ரூபாயை, மாதாமாதம் கட்டுவதாக வைத்துக்கொள்வோம். அப்போது எந்தக் கடனில் அசல் பாக்கி குறைவாக இருக்கிறதோ அதுவே முந்துகிறது.

மெதுவாக ஏறும் நிலையை முதலில் எடுத்துக்கொள்வோம். முதல் வருடம் 8, அடுத்த வருடம் 8.5, அதற்கடுத்து 9 என்று வருடத்துக்கு அரை சதவீதம் ஏறி, ஆறாவது வருடத்தில் 10.5-ஐத் தொட்டு, அதன்பின் இறங்கவே இல்லை என்று வையுங்கள். நான்காவது வருட முடிவில் ஃபுளோட்டிங் கடனின் பாக்கி, ஃபிக்ஸட் கடனின் பாக்கியைவிட சுமார் 1.5 லட்சம் ரூபாய் குறைவாக இருக்கும். ஐந்தாம் வருடத்திலிருந்து ஃபிக்ஸட் அந்த இடைவெளியைச் சிறிது சிறிதாகப் பிடித்துக்கொண்டு வரும். ஆனாலும் பதினோராவது வருட முடிவில்கூட ஃபுளோட்டிங் ஒன்பதாயிரம் ரூபாய்போல முந்தித்தான் நிற்கும். பன்னிரண்டாவது வருடத்தில்தான் ஃபிக்ஸட் முன்னே போகிறது. இத்தனைக்கும் ஐந்தாம் வருடம் முதல் வட்டி 9.5-க்கு மேலேயே இருக்கிறது. இதற்குக் காரணம், தொடக்க வருடங்களில் அசல் பெரிதாக இருக்கும்போது கிடைத்த மிச்சம். அந்த மிச்சம் அசலைக் குறைத்துவிடுவதால், பின்னால் வட்டி ஏறும்போது அது சிறிய அசல்மேல் ஏறுகிறது.

வேகமாக ஏறினால் படம் மாறிவிடும். முதல் வருடம் மட்டும் 8 சதவீதம், இரண்டாம் வருடத் தொடக்கத்திலேயே ஒரே தாவலில் 10.5, அதன்பின் அங்கேயே நிற்கிறது என்று வைத்தால், மூன்றாவது வருட முடிவுக்குள் ஃபிக்ஸட் முந்திவிடும். ஆக, பயப்பட வேண்டியது சீக்கிரமாகவும் பெரிதாகவும் ஏறி, ஏறிய இடத்திலேயே வருடக்கணக்கில் நிற்கும் வட்டிக்குத்தான். "இனி ஏறும்" என்று பொதுவாகச் சொல்கிறவர்கள் யாரும் இந்த மூன்றையும் சேர்த்துச் சொல்வதில்லை. சொல்லவும் முடியாது.

உங்கள் அண்ணனுக்கு நடந்தது இந்த வேகமான ஏற்றம்தான். அதனால் அவர் கதையை ஒதுக்கிவிடக் கூடாது. அதில் ஒரு நல்ல பாடக் கணக்கு இருக்கிறது. ரெப்போ என்பது ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டி. 2020 மே மாதத்திலிருந்து அது 4 சதவீதத்தில் இருந்தது. 2022 மே மாதத்தில் ஏறத் தொடங்கி 2023 பிப்ரவரியில் 6.5-ஐத் தொட்டது. ஒன்பது மாதத்தில் இரண்டரை சதவீதம். அடுத்த இரண்டு வருடம் அசையாமல் நின்றது. 2025 பிப்ரவரியில் இறங்கத் தொடங்கி, அந்த ஜூனில் 5.5, டிசம்பரில் 5.25 என்று வந்தது. உங்கள் அண்ணன் கடன் வாங்கியது அடிமட்டத்தில். வாங்கிய ஒன்றரை வருடத்துக்குள் ஏற்றம். இதைவிட மோசமான நேரத்தில் ஒருவர் ஃபுளோட்டிங் எடுத்திருப்பது கடினம்.

சரி, அன்றைக்கு அவருக்கும் இதே ஒன்றரை சதவீத இடைவெளியில், அதாவது 8.4 சதவீதத்தில், ஃபிக்ஸட் கிடைத்திருந்தால்? ஏற்றம் தொடங்கும்வரை அவர் மாதாமாதம் ஒன்றரை சதவீதம் குறைவாகக் கட்டிக்கொண்டிருந்தார். 2022 செப்டம்பர் கடைசி வரை ஃபுளோட்டிங் அவருக்கு மிச்சம்தான்; மொத்தத்தில் சுமார் 65 ஆயிரம் ரூபாய். அதன்பின் 2025 ஜூன் வரை 8.4-க்கு மேல் கட்டியதால் போனது சுமார் 69 ஆயிரம் ரூபாய். ஏறத்தாழ சமன். 2025 டிசம்பருக்குப் பிறகு அவர் வட்டி 8.15-க்கு வந்திருக்க வேண்டும். மீண்டும் ஃபிக்ஸட்டைவிடக் குறைவு. மோசமான நேரத்தில் ஏறிய அந்த வட்டிகூட அவரை ஃபிக்ஸட்காரரைவிடப் பெரிதாகப் பின்னுக்குத் தள்ளவில்லை.

அப்படியானால் அவர் ஏன் புலம்புகிறார்? அவரிடம் ஒன்று கேளுங்கள்: வட்டி ஏறியபோது மாதத் தவணை கூடியதா, அல்லது தவணை அப்படியே இருந்து கடன் காலம் நீண்டதா? பெரும்பாலும் காலம்தான் நீண்டிருக்கும். அவர் கடனும் 20 வருடத்துக்கு என்று வைத்தால், 30 லட்சத்துக்கு 6.9 சதவீதத்தில் தவணை சுமார் 23,079 ரூபாய். இரண்டு வருடம் கட்டியபின் பாக்கி சுமார் 28.5 லட்சம். அதற்கு 9.4 சதவீதத்தில் ஒரு மாத வட்டி மட்டுமே 22,300 ரூபாயைத் தாண்டுகிறது. தவணையில் எழுநூறு ரூபாய்போலத்தான் அசலுக்குப் போகும். அதே தவணையை வைத்துக்கொண்டால், மீதமிருந்த 18 வருடம் 36 வருடத்துக்கும் மேல் ஆகிவிடும். ஃபுளோட்டிங் கடனில் ஆபத்து இங்கேதான் இருக்கிறது. வட்டி ஏறுவதைவிட, ஏறியது கண்ணுக்குத் தெரியாமல் காலத்துக்குள் ஒளிந்துகொள்வதுதான் குடும்பங்களைக் கெடுக்கிறது.

உங்கள் 40 லட்சத்திலும் இதே சிக்கல் உண்டு. முதல் மாதத் தவணை 33,458-ல் வட்டி 26,667 ரூபாய். அசலுக்குப் போவது 6,791 ரூபாய். தொடக்க மாதங்களிலேயே வட்டி 10 சதவீதத்தைத் தொட்டால், தவணை கிட்டத்தட்ட முழுவதும் வட்டிக்கே சரியாகிவிடும். 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி இதற்காகவே ஒரு சுற்றறிக்கை விட்டது. வட்டி மாறும்போது தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டையும் கொஞ்சம் கொஞ்சமா என்று தேர்வு செய்யும் வாய்ப்பைக் கடன் வாங்கியவருக்குக் கொடுக்க வேண்டும். மாற்றத்தை உடனே தெரிவிக்க வேண்டும். காலத்தை நீட்டும்போது பாக்கி குறையாமல் வளரும் நிலை வரக் கூடாது. வங்கியிலிருந்து அந்தக் குறுஞ்செய்தியோ கடிதமோ வரும்போது பேசாமல் இருந்தால், பல இடங்களில் காலம்தான் தானாக நீளும். நீங்கள் "தவணையைக் கூட்டுங்கள்" என்று எழுதிக் கொடுக்க வேண்டும்.

அதற்கு உங்கள் சம்பளம் தாங்குமா என்பதுதான் நான் உண்மையில் கவலைப்படும் இடம். அதை ஃபிக்ஸட், ஃபுளோட்டிங் இரண்டுக்கும் சேர்த்தே பார்க்க வேண்டும். மனைவி வேலைக்குப் போகாத இரண்டு வருடமும் 72 ஆயிரத்தில்தான் குடும்பம் ஓட வேண்டும். 33,458 என்றால் அதில் 46 சதவீதம் போகிறது. ஃபிக்ஸட் எடுத்தால் 52 சதவீதம். பச்சைக் குழந்தையை வைத்துக்கொண்டு, ஒற்றைச் சம்பளத்தில், மிகவும் நெருக்கடியான அந்த இரண்டு வருடத்திலேயே நீங்கள் கூடுதல் தவணை கட்டுவீர்கள். ஏறுமோ என்று பயந்த சுமையை, நிச்சயமாகவே ஏற்றிக்கொள்வது ஆகிவிடும். வட்டி 10.5-க்கே போய், 20 வருடத்துக்குள் முடிக்க வேண்டுமென்றால் தவணை 39,935 ரூபாய். அது ஃபிக்ஸட் தவணையைவிட 2,650 ரூபாய்தான் அதிகம். இந்த 39,935 ரூபாயைச் சிரமப்பட்டாவது கட்ட முடியுமா என்று இருவரும் உட்கார்ந்து வீட்டுச் செலவைப் போட்டுப் பாருங்கள். முடியாது என்று தெரிந்தால், ஃபிக்ஸட்டும் உங்களைக் காப்பாற்றாது. கடனையே 35 லட்சத்துக்குக் குறைக்க வழி பாருங்கள்.

கடன் கையெழுத்தாகும் முன் ஆறு மாதத் தவணையை, சுமார் 2 லட்சம் ரூபாயை, தனியாக ஒரு வைப்பில் போட்டு வையுங்கள். முன்பணத்துக்காக எல்லாச் சேமிப்பையும் துடைத்துக் கொடுத்துவிடாதீர்கள். மனைவி வேலைக்குத் திரும்பியதும், வங்கி கேட்காவிட்டாலும் 37,285 ரூபாயாகவே கட்டத் தொடங்குங்கள். வட்டி 8 சதவீதத்திலேயே இருந்தால்கூட, மூன்றாம் வருடத்திலிருந்து இப்படிக் கட்டினால் மொத்தம் பதினாறரை வருடத்தில் கடன் முடிந்துவிடும். நடுவில் வட்டி ஏறினால், நீங்கள் ஏற்கெனவே ஏறிய தவணையைக் கட்டிக்கொண்டிருப்பதால் அதிர்ச்சி குறைவு.

இப்படி விருப்பம்போல் கூடுதலாகக் கட்ட முடிவது ஃபுளோட்டிங் கடனில்தான் இலவசம். தனிநபர் எடுக்கும் ஃபுளோட்டிங் வீட்டுக் கடனை முன்கூட்டி அடைத்தால் வங்கி அபராதம் வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012-லேயே சொல்லிவிட்டது. ஃபிக்ஸட் கடனுக்கு அந்தப் பாதுகாப்பு முழுதாக இல்லை. குறிப்பாக, வட்டி இறங்கும்போது வேறு வங்கிக்கு மாற்றப் போனால் பாக்கியில் 2 சதவீதமும் அதற்கு ஜிஎஸ்டியும் கேட்பது வழக்கம். 30 லட்சம் பாக்கி என்றால் 70,800 ரூபாய். அதாவது ஃபிக்ஸட் எடுத்தவர் வட்டி ஏற்றத்திலிருந்து பாதுகாப்புக்காகக் கூடுதலாகக் கட்டுகிறார். வட்டி இறங்கினால் வெளியே வருவதற்கும் தனியாகக் கட்டுகிறார். ஃபுளோட்டிங்காரர் எப்போது வேண்டுமானாலும் வெளியே வரலாம். முன்கணிப்பு தவறினால் திருத்திக்கொள்ளும் வழி ஒரு பக்கம்தான் இருக்கிறது.

அடுத்து, ஏஜென்ட் சொன்ன "கடைசி வரை மாறாது". அதை அப்படியே எழுதித் தரச் சொல்லுங்கள். நம் ஊரில் ஃபிக்ஸட் என்று விற்கப்படும் வீட்டுக் கடன்களில் பெரும்பாலானவை இரண்டு, மூன்று அல்லது ஐந்து வருடத்துக்கு மட்டுமே ஃபிக்ஸட். அதன்பின் அந்த நிறுவனத்தின் அன்றைய ஃபுளோட்டிங் வட்டிக்கு மாறிவிடும். முழுக் காலமும் ஃபிக்ஸட் என்று எழுதியிருக்கும் ஒப்பந்தங்களிலும் கீழே எங்கேயாவது, பணச் சந்தை நிலவரம் பெரிதாக மாறினால் வட்டியைத் திருத்த நிறுவனத்துக்கு உரிமை உண்டு என்று ஒரு வரி ஒளிந்திருக்கலாம். சாங்ஷன் கடிதத்தையும், கடனின் முக்கிய விவரங்களை ஒரே தாளில் சொல்லும் அறிக்கையையும் வாங்கி, "ரீசெட்" என்ற சொல் எங்கெல்லாம் வருகிறது என்று விரல் வைத்துப் பாருங்கள். மேலே சொன்ன இரண்டு கணக்கிலும் ஃபிக்ஸட் 20 வருடமும் உண்மையிலேயே மாறாது என்று வைத்துத்தான் போட்டேன். மூன்று வருடத்துக்கு மட்டும் ஃபிக்ஸட் என்றால், அந்த மெதுவான ஏற்றத்தில் ஃபிக்ஸட்காரர் மூன்று வருடமும் கூடுதலாகக் கட்டிவிட்டு, வட்டி மேலே போகும் நேரத்தில் பாதுகாப்பை இழப்பார். மூன்றாம் வருட முடிவில் அவர் சுமார் 1.38 லட்சம் ரூபாய் பின்தங்கியிருப்பார். அதை மீட்க வழியே இருக்காது.

ஹவுசிங் ஃபைனான்ஸ் நிறுவனத்தின் ஃபுளோட்டிங்கும் வங்கியின் ஃபுளோட்டிங்கும் ஒன்றல்ல என்பதையும் கவனியுங்கள். 2019 அக்டோபரிலிருந்து வங்கிகள் புதிய ஃபுளோட்டிங் வீட்டுக் கடனை ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடு இணைக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது வட்டியைத் திருத்த வேண்டும். ஏறும்போது சீக்கிரம் ஏறும். இறங்கும்போதும் அதே விதி உங்களுக்குத் துணை நிற்கும். ஹவுசிங் ஃபைனான்ஸ் நிறுவனங்களுக்கு இந்தக் கட்டாயம் இல்லை. அவர்கள் தங்கள் சொந்த அடிப்படை வட்டியை வைத்துக்கொள்கிறார்கள். ரெப்போ இறங்கினால் அது எப்போது, எவ்வளவு இறங்கும் என்பது அவர்கள் முடிவு. ஃபிக்ஸட் காலம் முடிந்தபின் நீங்கள் போய் விழுவது இந்த வட்டியில்தான்.

நான் ஃபிக்ஸட் எடுக்கச் சொல்லும் ஆட்களும் உண்டு. ஓய்வுக்கு எட்டு, பத்து வருடம்தான் இருக்கிறது, சம்பளம் இனிப் பெரிதாக ஏறாது, தவணையில் நாலாயிரம் கூடினால்கூட வீடு தாங்காது என்பவர்களுக்கு, முழுக் காலத்துக்கும் மாறாத வட்டி எழுத்தில் கிடைத்து, இடைவெளி அரை அல்லது முக்கால் சதவீதத்துக்குள் இருந்தால், வாங்கச் சொல்வேன். உங்களுக்கு ஒன்றரை சதவீதம் கேட்கிறார்கள். அந்த இடைவெளிதான் என் பதிலைத் தீர்மானிக்கிறது. வட்டி எந்தப் பக்கம் போகும் என்ற என் கணிப்பு அல்ல. பிறகு வேண்டுமானால் ஃபிக்ஸட்டுக்கு மாறிக்கொள்ளலாம் என்று வங்கியில் யாராவது சொன்னால் அதையும் எழுத்தில் கேளுங்கள். 2025 அக்டோபரிலிருந்து, அந்த வாய்ப்பைத் தருவதா வேண்டாமா என்பதை ரிசர்வ் வங்கி அந்தந்த வங்கியின் விருப்பத்துக்கே விட்டுவிட்டது.

பேரம் பேச வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. உங்கள் 8 சதவீதத்தில் 5.25 ரெப்போ, மீதி 2.75 வங்கியின் ஸ்ப்ரெட். ரெப்போவில் பேரம் இல்லை, ஸ்ப்ரெட்டில் உண்டு. உங்கள் சிபில் மதிப்பெண் நன்றாக இருந்தால், வேறொரு வங்கியின் சாங்ஷன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு 2.5-க்குக் கேளுங்கள். கடன் வாங்கியபின் ஸ்ப்ரெட்டை வங்கி இஷ்டத்துக்குக் கூட்ட முடியாது. அதில் உங்கள் கடன் நாணயத்துக்கான பகுதியை, உங்கள் நிலை பெரிதாக மாறினால் மட்டுமே மாற்றலாம். அதனால் கிரெடிட் கார்டு, பைக் கடன் என்று வேறு எங்கும் தவணை தவறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சில வருடம் கழித்து அதே வங்கி புதியவர்களுக்குக் குறைந்த ஸ்ப்ரெட்டில் கடன் கொடுப்பதைப் பார்த்தால், கிளைக்குப் போய் உங்களுக்கும் குறைக்கச் சொல்லி மனுக் கொடுங்கள். சிறிய கட்டணம் வாங்கிக்கொண்டு பல வங்கிகள் செய்து தருகின்றன. மறுத்தால், அபராதம் இல்லாமல் வேறு வங்கிக்குக் கடனை மாற்றிக்கொள்ளும் உரிமை ஃபுளோட்டிங் எடுத்த உங்களுக்கு இருக்கிறது. உங்கள் அண்ணனும் இன்றைக்கே தன் வங்கிக்குப் போய், மீதிக் காலம் இப்போது எத்தனை மாதம் என்று கேட்டு, அதற்கேற்பத் தவணையைக் கூட்டிக்கொள்ளட்டும்.